இரவு ஷிப்டும் வார விடுமுறையும்: பத்துப் பேர் கடைக்கு ஒரு பட்டியல்

கேள்வி: கும்பகோணத்தில் சிறிய சூப்பர் மார்க்கெட் வைத்திருக்கிறேன். வேலைக்கு 7 ஆண்கள், 3 பெண்கள். ஏழு நாளும் காலை 8 முதல் இரவு 10 வரை கடை உண்டு. கடை அடைக்கும்வரை நிற்பது எப்போதும் அதே மூன்று பேர்தான். இரண்டு பேர் காலை 8 முதல் 1 வரை வேலை செய்துவிட்டு வீட்டுக்குப் போய், மாலை 5 முதல் 10 வரை மறுபடி வருவார்கள். யாராவது வராவிட்டால் அன்று வார விடுமுறையில் இருப்பவரைக் கூப்பிட்டு ஒருநாள் சம்பளம் சேர்த்துத் தருகிறேன். இப்போது ஒருவர் தொழிலாளர் துறையில் புகார் செய்வேன் என்கிறார். நான் செய்வதில் தவறு உண்டா? எப்படிப் பட்டியல் போடுவது?

பதில்: இரண்டு இடங்களில் தவறு இருக்கிறது. இரவு வேலை ஒரே ஆட்கள் தலையில் விழுவது அந்த இரண்டில் சேராது. இரவு ஷிப்டைச் சமமாகப் பங்கிட வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 எங்கும் சொல்லவில்லை. ஆனால் புகார் கிளம்புவது பெரும்பாலும் அந்த இடத்திலிருந்துதான். விசாரணைக்கு வரும் ஆய்வாளரோ முதலில் மணிக்கணக்கைத்தான் கேட்பார். அதனால் நேரத்தைச் சரிசெய்துவிட்டுப் பிறகு முறைக்கு வருவோம்.

முதல் தவறு, காலையிலும் மாலையிலும் பிரித்து வாங்கும் வேலை. பிரிவு 9-ன்படி ஒருவர் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம். பிரிவு 10 அதற்கு மேல் இன்னொரு எல்லை வைக்கிறது. வேலை தொடங்கிய நேரத்திலிருந்து முடியும் நேரம்வரை, நடுவில் கிடைக்கும் ஓய்வையும் சேர்த்து, 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 8 மணிக்கு வந்தவர் இரவு 10 மணிக்குப் போனால் 14 மணி நேரம். நடுவில் நான்கு மணி நேரம் வீட்டில் தூங்கினார் என்பது இதற்குப் பதிலாகாது. அந்த ஏற்பாட்டை இந்த வாரமே நிறுத்துங்கள்.

இரண்டாவது, விடுமுறையில் இருப்பவரைக் கூப்பிடுவது. வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை பிரிவு 11 தரும் உரிமை, அந்த நாளுக்காகச் சம்பளத்தில் பிடிக்கவும் கூடாது. ஆறு நாள் எட்டு எட்டு மணி நேரம் வேலை செய்தவர் ஏழாவது நாளும் வந்தால் 56 மணி நேரம் ஆகிறது. ஓவர்டைமையும் சேர்த்து வாரத்துக்கு 54 மணி நேரம்தான் சட்டத்தின் உச்சவரம்பு. ஒருநாள் சம்பளம் கொடுத்தாலும் இரட்டிப்பாகக் கொடுத்தாலும் இந்த மீறல் சரியாகாது. ஆள் குறையும் என்று முன்கூட்டியே தெரிந்தால், அதே வாரத்துக்குள் அவருடைய விடுமுறையை வேறு நாளுக்கு எழுத்தில் மாற்றலாம். இந்தச் சட்டத்தில் வாரம் என்பது சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கும் ஏழு நாள், அதாவது ஞாயிறு முதல் சனி வரை. திங்கள் முதல் ஞாயிறு வரை பட்டியல் போடுகிறவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். சனிக்கிழமை விடுமுறையை மறுநாள் ஞாயிறுக்கு மாற்றினால், முதல் வாரம் விடுமுறையே இல்லாமல் போய்விடும்.

ஏழு நாளும் கடை திறப்பது உங்களுக்குச் செல்லும், ஆனால் ஒரு நூலிழையில்தான் செல்லும். பொதுவிதிப்படி ஒவ்வொரு கடையும் வாரத்தில் ஒருநாள் முழுக்க மூடியிருக்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு மட்டும் 2019-ல் வந்த அரசாணை ஆண்டு முழுதும் திறந்துவைக்க அனுமதி தந்து, பிறகு நீட்டிக்கப்பட்டது. அதன் நிபந்தனைகளில் உங்கள் பட்டியலைத் தொடுபவை மூன்று. எல்லோருக்கும் முறை வைத்து வார விடுமுறை தர வேண்டும். இன்று யார் விடுமுறையில் இருக்கிறார்கள் என்று தினமும் கடையில் எழுதி வைக்க வேண்டும். பெண்களை இரவு 8 மணிக்குப் பிறகு வேலையில் வைக்க அவர்களுடைய எழுத்துப்பூர்வ சம்மதம், பாதுகாப்பு, வீடு திரும்ப வாகனம் எல்லாம் வேண்டும்.

இனி ஷிப்ட். காலை ஷிப்ட் 8 முதல் 5 வரை. இரவு ஷிப்டைப் பலரும் 1 முதல் 10 வரை என்று எழுதுவார்கள். ஷட்டர் இறங்கியதும் கல்லாக் கணக்கு, பால் பெட்டி, குப்பை என்று அரை மணி நேரம் போகும். அந்த அரை மணி நேரமும் வேலைநேரம்தான், கணக்கில் வராத ஓவர்டைமாகச் சேர்ந்துகொண்டே போகும். எனவே மதியம் 1.30 முதல் இரவு 10.30 வரை என்று உள்ளபடியே எழுதுங்கள். மூன்று பெண்களுக்கும் 11 முதல் 8 வரை நடு ஷிப்ட் போடுங்கள். மாலைக் கூட்டத்துக்கு ஆள் இருக்கும், சம்மதக் கடிதமும் தேவைப்படாது.

ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு மணி நேர ஓய்வு உண்டு. அந்த ஓய்வு கிடைக்காமல் யாரும் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஆகவே ஓய்வை முன்னால் இழுக்கலாம், பின்னால் தள்ளக் கூடாது. காலை ஷிப்ட் மூவரும் 10, 11, 12 என்று ஒருவர் பின் ஒருவராகப் போகட்டும். இரவு ஷிப்டில் 3.30, 4.30, 5.30. பெண்களில் கடைசியாகப் போகிறவர் 3 மணிக்குப் போய்விட வேண்டும். அரை மணி நேரமாக இரண்டு முறை கொடுப்பது ஒரு மணி நேர ஓய்வாகாது.

ஆண்கள் ஏழு பேர், நாளும் ஏழு. தினம் ஒருவருக்கு விடுமுறை, மீதி ஆறு பேரில் மூவர் காலை, மூவர் இரவு. வாரத்துக்கு 21 இரவு முறையை ஏழு பேர் பங்கிட்டால் ஆளுக்கு மூன்று. உங்கள் கடைக்கு இது அச்சாகப் பொருந்துகிறது. கீழே உள்ள பெயர்கள் உதாரணத்துக்கு. கா என்பது காலை, இ என்பது இரவு, வி என்பது விடுமுறை.

| பெயர் | ஞா | தி | செ | பு | வியா | வெ | ச |
|---|---|---|---|---|---|---|---|
| முருகன் | வி | கா | கா | கா | இ | இ | இ |
| செந்தில் | இ | வி | கா | கா | கா | இ | இ |
| பாலு | இ | இ | வி | கா | கா | கா | இ |
| ரஃபீக் | இ | இ | இ | வி | கா | கா | கா |
| ஜோசப் | கா | இ | இ | இ | வி | கா | கா |
| கதிர் | கா | கா | இ | இ | இ | வி | கா |
| மணி | கா | கா | கா | இ | இ | இ | வி |

அடுத்த வாரம் கட்டங்களைத் தொடாதீர்கள், பெயர்களை மட்டும் ஒரு வரி கீழே இறக்குங்கள். முருகன் செந்தில் வரிக்கு வருவார், மணி மேலே ஏறி முதல் வரிக்கு வருவார். இந்தத் திசை முக்கியம். மணிக்குச் சனியும் ஞாயிறும் சேர்ந்து இரண்டு நாள் விடுமுறை கிடைக்கும், ஏழு வாரத்தில் எல்லோருக்கும் அது ஒருமுறை வரும். மாறாகப் பெயர்களை மேலே ஏற்றினால், ஞாயிறு விடுமுறை எடுத்த முருகனுக்கு அடுத்த விடுமுறை மறுவாரம் சனிக்கிழமைதான். நடுவில் தொடர்ந்து 12 நாள் வேலை. வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கு அப்போதும் தப்பாது, ஆனால் ஆள் துவண்டுபோவார். கீழே இறக்கும்போது தொடர்ந்து வேலை செய்யும் நாள் அதிகபட்சம் ஏழு.

இன்னொன்றையும் பாருங்கள். எந்த வரியிலும் இரவுக்கு அடுத்த நாள் காலை வராது, விடுமுறைதான் வரும். வாரம் மாறும் இடத்திலும் அப்படியே. 10.30-க்குக் கடையைப் பூட்டியவர் மறுநாள் 8 மணிக்கு வந்து நின்றால் நடுவில் ஒன்பதரை மணி நேரம்தான், அதிலும் போக வர எவ்வளவோ கழியும். சட்டம் இதைத் தடுக்கவில்லை. ஆனால் காலையில் தாமதம், கல்லாவில் சில்லறை பிசகு என்று ஆரம்பிக்கும் சண்டைகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. இருவர் தங்களுக்குள் முறை மாற்றிக்கொள்ளக் கேட்டால் தாராளமாக விடுங்கள். முதல் நாளே இருவரும் கையெழுத்திட வேண்டும், இரவை அடுத்துக் காலை வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

ஞாயிறு இரவு, சனி இரவு இரண்டும்தான் எல்லோரும் தவிர்க்கப் பார்ப்பவை. இந்த முறையில் ஏழு வாரத்துக்கு ஆளுக்கு மூன்று ஞாயிறு இரவு, மூன்று சனி இரவு. ஒருவருக்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. புகார் சொல்கிறவரிடம் இந்த எண்ணிக்கையைக் காட்டுங்கள்.

பெண்களுக்குத் திங்கள், செவ்வாய், புதன் என்று ஒவ்வொரு நாள். மாதத்தில் ஒரு வாரம், திங்கள் விடுமுறைக்காரர் அதே வாரத்து ஞாயிறை எடுத்துக்கொள்ளட்டும். மாதம் பிறந்ததும் மூவரும் நாளை மாற்றிக்கொண்டால் ஒவ்வொருவருக்கும் ஞாயிறு கிடைக்கும். பெண்கள் இரவுக்கு நிற்பதில்லை என்பதற்காக ஞாயிறையே காட்டாமல் வைப்பது நியாயமில்லை.

திடீரென்று ஒருவர் வராத நாளில், காலை ஷிப்டில் இருப்பவர் சம்மதித்தால் 5 மணிக்குப் பதில் 7 மணி வரை நிற்கலாம். 10 மணி நேர வேலை, வந்ததிலிருந்து போகும்வரை 11 மணி நேரம், இரண்டும் எல்லைக்குள். வாரத்துக்கு இப்படி மூன்று நாள் நின்றால் 54 மணி நேரம் நிரம்பிவிடும், அதற்கு மேல் வேண்டாம். அரசாணை சற்றுக் கூடுதலாக நாளுக்குப் பத்தரை, வாரத்துக்கு 57 என்று சொன்னாலும், 10, 54 என்றே வைத்துக்கொண்டால் இரண்டிலும் மாட்டமாட்டீர்கள். ஓவர்டைமுக்குப் பிரிவு 31-ன்படி இரட்டிப்புக் கூலி. மாதம் 15,600 ரூபாய் வாங்குபவருக்கு, வழக்கப்படி 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 600, மணிக்கு 75. இரண்டு மணி நேர ஓவர்டைமுக்கு 300 ரூபாய். அதை மற்றச் சம்பளத்தோடு வங்கிக் கணக்கிலேயே போடுங்கள்.

வெள்ளிக்கிழமையே அடுத்த வாரப் பட்டியலை ஒட்டிவிடுங்கள். மாற்றம் வந்தால் அடித்து எழுதி, தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். புதுத்தாள் ஒட்டிப் பழையதைக் கிழிக்காதீர்கள். பட்டியலில் 10.30 என்று இருக்க வருகைப் பதிவேட்டில் 10.00 என்று இருந்தால், அந்த அரை மணி நேரம் உங்களுக்கு எதிராகவே பேசும்.

புகார் செய்வேன் என்றவரை இந்த நேரத்தில் நீக்க நினைக்காதீர்கள். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் அனுப்ப முடியாது. பிரிவு 41-ன் கீழ் அவர் மேல்முறையீடு செய்வார். அதைவிட, அவர் போனால் உங்களிடம் ஒன்பது பேர்தான் இருப்பார்கள். உங்களோடு வாழ்ந்து உங்களைச் சார்ந்திருக்கும் மகனையோ தம்பியையோ கல்லாவில் உட்கார வைத்துப் பத்து என்று கணக்குக் காட்ட முடியாது, சட்டம் அவர்களை வேலையாளாக எண்ணுவதில்லை. ஒன்பது ஆனதும் அரசாணையின் சலுகை போய்விடும். வாரத்தில் ஒருநாள் கடையை மூடி, எந்த நாள் என்று அறிவிப்புப் பலகை வைக்க வேண்டிவரும். அந்த நாளையும் மூன்று மாதத்துக்குள் மாற்ற முடியாது. யாராவது தாமாகவே விலகினாலும் நிலை இதுதான், ஆகவே பதினோராவது ஆள் ஒருவரைச் சேர்த்து வைத்துக்கொள்ளப் பாருங்கள்.