தவறான பிரிவைச் சுட்டும் ‘எது அடங்கியிருந்தபோதிலும்’

கேள்வி: ஒரு மென்பொருள் சேவை ஒப்பந்தத்தில் நாங்கள் வாடிக்கையாளர் தரப்பு. "பிரிவு 8.1-இல் எது அடங்கியிருந்தபோதிலும், இரகசியத் தகவல் கசிந்தால் ஏற்படும் முழு இழப்பையும் சேவையளிப்பவர் ஈடுசெய்ய வேண்டும்" என்கிறது பிரிவு 11.4. ஆனால் 8.1 கட்டணத்தை 30 நாளில் செலுத்துவது பற்றியது. இழப்பீட்டை 12 மாதக் கட்டணத்துக்குள் அடக்கும் வரம்பு 9.1-இல் இருக்கிறது. இப்போது தகவல் கசிந்துவிட்டது. வரம்புக்கு மேல் தர மறுக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் தரப்புக்கு வலு இருக்கிறது. கட்டணக் கெடுவுக்கும் தகவல் கசிவுக்கான இழப்பீட்டுக்கும் எந்த மோதலும் இல்லை. மோதல் இல்லாத இடத்தில் ஒன்றை மேலோங்கச் செய்யும் சொற்களுக்கு வேலையே இல்லை. ஆகவே எண் பிழை என்பது ஒப்பந்தத்தைப் படித்தாலே தெரிகிறது. முந்தைய வரைவில் வரம்பு 8-ஆம் பிரிவாக இருந்து, நடுவில் ஒரு பிரிவு சேர்ந்ததால் 9 ஆகியிருக்கலாம். கையால் தட்டச்சு செய்த எண் தானாக மாறாது.

பிழை தெளிவாக இருந்தால் மட்டும் போதாது. சரியான வாசகம் எது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். அப்போது நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, 2009-இல் சார்ட்புரூக் வழக்கில் இவ்விரண்டையும் கேட்டது. உங்களுக்குச் சிக்கல் வரக்கூடிய இடம் இதுதான். 9.3 போன்ற ஒரு பிரிவு மறைமுக இழப்பை விலக்குகிறதா என்று பாருங்கள். விலக்கினால், 11.4 தாண்ட நினைத்தது 9.1-ஐ மட்டுமா, பிரிவு 9 முழுவதையுமா என்ற கேள்வி எழும். 9.1 வரையிலாவது வெல்லலாம். அதற்கு மேல் உறுதி சொல்ல மாட்டேன்.

9.1-இன் தொடக்கத்தையும் படியுங்கள். "இந்த ஒப்பந்தத்தில் எது அடங்கியிருந்தபோதிலும்" என்று அதுவும் தொடங்கினால் இரண்டும் நேருக்கு நேர் மோதும். 11.4 குறிப்பானது, 9.1 பொதுவானது என்று அப்போது வாதிட வேண்டியிருக்கும். மாறாக, "பிரிவு 11.4-க்கு உட்பட்டு" என்று அது தொடங்கினால் உங்கள் கவலை பெரும்பாலும் தீர்ந்தது.

பழைய வரைவுகளையும் மின்னஞ்சல்களையும் பத்திரப்படுத்துங்கள். சார்ட்புரூக் வழக்கின்படி, ஒப்பந்தத்துக்குப் பொருள்கொள்ளும்போது பேச்சுவார்த்தைகளைச் சான்றாகக் காட்ட முடியாது. ஆனால் ஆவணத்தைத் திருத்தித்தரக் கோரும் மனுவில் காட்டலாம். இரண்டு வழிகளையும் சேர்த்தே கோருங்கள். உங்கள் ஒப்பந்தத்தை ஆளும் சட்டம் வேறு நாட்டுடையதானால், அங்குள்ள விதியை முதலில் சரிபாருங்கள்.

அடுத்த ஒப்பந்தத்தில், கையெழுத்துக்கு முந்தைய கடைசி வரைவில், இத்தகைய ஒவ்வொரு சொற்றொடரிலும் நின்று, சுட்டப்படும் பிரிவைத் திறந்து, "இவ்விரண்டும் உண்மையிலேயே மோதுகின்றனவா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் எண் தவறு. எண்ணோடு தலைப்பையும் எழுதுங்கள்: "பிரிவு 9.1 (பொறுப்பு வரம்பு), பிரிவு 9.3 (மறைமுக இழப்பு) ஆகியவற்றில் எது அடங்கியிருந்தபோதிலும்". எண் நகர்ந்தாலும் தலைப்பு நோக்கத்தைச் சொல்லும். சோம்பலால் "இந்த ஒப்பந்தத்தில்" என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். உங்களைக் காக்கும் பிரிவுகளையும் அது தாண்டிவிடும்.

இப்போதைக்கு, சேவையளிப்பவர் வரம்புத் தொகையை "முழுத் தீர்வாக" என்று எழுதி அனுப்பினால் அப்படியே ஏற்காதீர்கள். மீதித் தொகைக்கான உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று எழுத்தில் தெரிவித்து, ஒரு பகுதியாக மட்டும் பெற அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகே பணத்தை வாங்குங்கள்.