ஊசி போட்ட இடத்தை உரஞ்சலாமா?

சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபின், இரத்தம் கட்டாமல் இருக்க வயிற்றில் தினமும் போடும் எனொக்சபரின் ஊசி பற்றி வந்த கேள்விகள் இவை. சத்திரசிகிச்சை விடுதியில் தாதியாக நின்ற அனுபவத்தில் பதில் எழுதுகிறேன்.

மிஸ், அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து ஒப்பரேஷன் செய்தது. 28 நாள் ஊசி போடச் சொன்னார்கள். நான்தான் போடுகிறேன். ஐந்தாம் நாள் தொப்புளுக்கு இடப்பக்கம் உள்ளங்கை அளவுக்குக் கறுத்துக் கண்டிப்போய்விட்டது. பஞ்சால் நன்றாகத் தேய்த்து, சுடுதண்ணீர் ஒத்தடமும் கொடுத்தேன். என்ன பிழை விட்டேன்? (சாவகச்சேரி)

தேய்த்ததும் ஒத்தடமும்தான் பிழை, பிள்ளை. சின்ன வயதில் தடுப்பூசி போட்டால் "நல்லா உரஞ்சி விடு" என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள், கை தானாகப் போகும். ஆனால் இது அந்த மாதிரி ஊசி இல்லை. மருந்து தோலுக்குக் கீழே உள்ள கொழுப்பில் தங்கி மெதுவாக உடம்பில் சேர வேண்டும். ஊசி போன வழியில் மயிரிழை போன்ற இரத்தக் குழாய்கள் சில அறுபடும். வேறு நேரமென்றால் அவை உடனே அடைபட்டுவிடும். இங்கே இரத்தத்தைக் கட்டவிடாத மருந்தே அந்த இடத்தில் நிற்கிறது. தேய்த்தால் அறுந்த வாய் திறந்தபடியே இருக்கும், கசிந்த இரத்தம் நாலு பக்கமும் பரவும். சூடு குழாய்களை இன்னும் விரிக்கும். எண்ணெய் தடவி நீவுவதும் இதே வேலையைத்தான் செய்யும்.

இனி இப்படிச் செய்யுங்கள். அம்மாவைச் சாய்ந்து படுக்க வையுங்கள். கண்டிய பக்கத்தை விட்டு வலப்பக்கம் போங்கள். தொப்புளிலிருந்து மூன்று விரல் அகலம், அதாவது 5 சென்ரிமீற்றராவது, தள்ளி இடம் பாருங்கள். தழும்பும் கண்டலும் இருக்கும் இடம் வேண்டாம். ஸ்பிரிட் போட்டால் காயவிடுங்கள். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தோலை மடிப்பாகப் பிடித்து, ஊசியை நேர் செங்குத்தாக முழுவதும் இறக்குங்கள். உள்ளே இரத்தம் வருகிறதா என்று பின்னால் இழுத்துப் பார்க்க வேண்டாம். முப்பது வரை மெதுவாக எண்ணியபடி மருந்தைத் தள்ளுங்கள். அவசரமாகத் தள்ளினால் நோவும் கண்டலும் கூடும். ஊசியை நேராக வெளியே எடுத்த பிறகுதான் மடிப்பை விட வேண்டும். பிறகு உலர்ந்த பஞ்சை வைத்து, அசைக்காமல் ஒன்றிரண்டு நிமிடம் மெல்ல அழுத்துங்கள். அவ்வளவுதான். உள்பாவாடை நாடாவும் அந்த இடத்தில் இறுகக் கூடாது, நாள் முழுக்க உரஞ்சிக்கொண்டே இருக்கும்.

பழைய கண்டலைச் சுற்றிப் பேனையால் ஒரு கோடு போட்டு வையுங்கள். நாளைக்குக் கோட்டுக்குள்ளேயே நின்றால் பயமில்லை. பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு கிழமையளவில் மறைந்துவிடும். கோட்டைத் தாண்டினாலோ, உள்ளே கட்டியாகித் தடித்து நொந்தாலோ அடுத்த ஊசியைப் போடுமுன் டொக்டரிடம் கேளுங்கள். சின்னக் கண்டலைக் கண்டு ஊசியை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். காலில் இரத்தம் கட்டி அது நெஞ்சுக்குப் போவதைத் தடுக்கத்தான் இந்த ஊசியே.

ஊசிக்குள் காற்றுக் குமிழி தெரிகிறது. தட்டி வெளியே விட வேண்டாமா? (பருத்தித்துறை)

மருந்து நிரப்பியே வரும் ஊசியில் முழு அளவும் போடுவதென்றால் குமிழியை விட்டுவிடுங்கள். வெளியேற்றப் பார்த்தால் மருந்துத் துளியும் சேர்ந்து போய்விடும். ஊசி நுனி கீழே பார்க்க, குமிழி மேலே நிற்கும். கடைசி மருந்தையும் தள்ளிவிடுவது அதுதான். அளவில் பாதி, முக்கால் என்று எழுதித் தந்திருந்தால் மட்டும் வேறு முறை. அதை விடுதித் தாதியிடம் நேரில் செய்து காட்டச் சொல்லுங்கள்.

நேற்று இரவு போட மறந்துவிட்டேன். இன்று இரண்டு போடலாமா? (காரைநகர்)

வேண்டவே வேண்டாம். நினைவு வந்ததும் ஒன்று போடுங்கள். அடுத்த ஊசிக்கு நேரம் கிட்டிவிட்டால் மறந்ததை விட்டு, வழமையான நேரத்துக்கு ஒன்று மட்டும்.

காயம் நோகிறது. பாமசியில் டைக்குளோபெனாக் வாங்கலாமா? (நல்லூர்)

டொக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். டைக்குளோபெனாக், ஐபுபுரோபென், அஸ்பிரின் எல்லாம் இந்த ஊசியோடு சேர்ந்தால் இரத்தக் கசிவு கூடும். பரசிற்றமோல் அளவோடு எடுக்கலாம். மலம் தார் போல் கறுத்துப் போனாலோ, சிறுநீரில் இரத்தம் கண்டாலோ, மூக்கிலிருந்து வரும் இரத்தம் நிற்காவிட்டாலோ, விழுந்து தலையில் அடிபட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலும் அப்படித்தான். திடீரென்று மூச்சு முட்டினால் 1990க்கு அழையுங்கள்.

போட்டு முடித்த ஊசிகளை எங்கே போடுவது? (கோப்பாய்)

மூடியைத் திரும்பப் போடப் பார்க்காதீர்கள், கை குத்துப்படுவது அப்போதுதான். திருகுமூடி உள்ள தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் போட்டு, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். வளவுக் குப்பையோடு எரிக்க வேண்டாம். கிளினிக்குக்குப் போகும் நாளில் போத்தலைக் கொண்டுபோய், எங்கே கொடுப்பது என்று தாதியிடம் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.