நடுநரம்பு இல்லாத இலை

வணக்கம் ஐயா,

மலையடிவாரப் பாதையில் நடக்கும்போது உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டைக்கல் கிடைத்தது. வெளிர் மஞ்சள் கல்லில் கருப்பாக மூன்று பெரணி இலைகள் அச்சடித்ததுபோல் இருக்கின்றன. டைனோசர் காலத்துப் புதைபடிவம் என்று சொல்லி மகளிடம் கொடுத்தேன். பள்ளியில் அவள் ஆசிரியை 'இது செடியே இல்லை' என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாராம். அழுதுகொண்டு வந்தாள். குழந்தையிடம் இப்படியா பேசுவது? பளபளப்புக்காக வார்னிஷ் பூசி வைத்திருக்கிறேன். இதன் வயது என்ன, விலை போகுமா? கடற்கரையில் எடுத்த சங்கு ஒன்றின் படமும் இணைத்துள்ளேன். அது எந்தக் காலத்தது?

ம.

அன்புள்ள ம.,

ஆசிரியை சொன்னது சரி. எல்லார் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் முதலில் குழந்தையிடம் சொன்னவர் நீங்கள். அவர்மீது கோபப்படும் உரிமை உங்களுக்குக் கொஞ்சம் குறைவுதான்.

இதை எழுத எனக்கும் உரிமை குறைவு. இதே போன்ற ஒரு கல்லைப் பத்தொன்பது வருடம் மேசையில் வைத்திருந்தேன். வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுவேன். 'இந்த இலை உதிர்ந்தபோது மனிதனே கிடையாது' என்று ஒரு வசனம் வேறு. யாரும் மறுத்ததில்லை. பிறகு ஒருநாள் நிலவியல் படித்த நண்பர் வீட்டுக்கு வந்தார். வசனத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்து பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸை எடுத்துக் கல்லைக் கண்ணருகே கொண்டுபோனார். "நடுநரம்பு எங்கே?" என்றார்.

இல்லை. அத்தனை வருடம் பார்த்தும் நான் அதைத் தேடவே இல்லை. பெரணியிலையில் நடுவே ஒரு காம்பு ஓடும். இருபக்கமும் சிற்றிலைகள் ஏறக்குறைய ஒரே சாயலில், அடியிலிருந்து நுனிக்குச் சிறுத்துக்கொண்டே போகும். என் கல்லில் இருந்தவை மனம்போன போக்கில் கிளைத்திருந்தன. இன்னொன்றையும் காட்டினார். ஒரு கிளைகூட இன்னொன்றைத் தாண்டிப் போகவில்லை. நெருங்கி வந்து, தொடாமல் நின்றுவிடுகின்றன. உதிர்ந்த இலைகள் அப்படி நாகரிகமாகவா கிடக்கும்? ஒன்றன்மேல் ஒன்று விழும், மடங்கும், பாதி கிழியும்.

பிறகு கல்லைப் பக்கவாட்டில் திருப்பினார். அங்கே அடுக்கிவைத்த தாள்போல மெல்லிய கோடுகள். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் படிந்த சேறு. என் 'இலை' இருந்த முகம் அந்தக் கோடுகளுக்கு இணையாக இல்லை, அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. புத்தகத்துக்குள் வைத்த மயிலிறகு பக்கங்களுக்கு இணையாகத்தான் படுத்திருக்கும். என்னுடையது புத்தகத்தை வெட்டிய ஓரத்தில் வரைந்த படம். சேற்றில் விழுந்த இலை, பின்னால் படியப்போகிற நூறு அடுக்குகளைக் குத்திக்கொண்டு நிற்க முடியாது.

இதற்கு டென்ட்ரைட் என்று பெயர். செடிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பாறை உருவாகி இறுகி, பிறகு எப்போதோ விரிசல் விட்டது. நிலத்தடி நீரில் ஆக்சிஜன் குறைவாக இருந்தால் அதில் மாங்கனீசு கரைந்து வரும். அந்த நீர் விரிசலுக்குள் கசிந்து, ஆக்சிஜன் கிடைக்கும் இடத்தை அடையும்போது மாங்கனீசு கருப்பு ஆக்சைடாகப் படிகிறது. படிவது ஏன் பொட்டாக இல்லாமல் கிளையாக? முதலில் சற்றே துருத்திய நுனிக்குத்தான் புதிதாக வரும் மாங்கனீசு முதலில் கிடைக்கும். அது இன்னும் நீளும், உள்ளே இருக்கும் பள்ளங்கள் பட்டினி கிடக்கும். 1981இல் விட்டன், சாண்டர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் கணினியில் இதைச் செய்து பார்த்தார்கள். தள்ளாடித் திரியும் துகள்கள் ஒவ்வொன்றாக வந்து ஒரு புள்ளியில் ஒட்டிக்கொள்ளட்டும் என்ற ஒரே விதிதான். செடி போன்ற உருவம் தானாக வந்தது. உங்கள் மகளுக்குக் காட்ட அதைவிடச் சுலபமான வழி உண்டு. இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே கெட்டியான பெயிண்டை வைத்து அழுத்திவிட்டு மெதுவாகப் பிரியுங்கள். அங்கே காற்றுதான் உள்ளே புகுந்து கிளைக்கிறது, ஆனாலும் முந்திய நுனிக்கே வழி என்ற அதே கணக்கு. ஒரு நொடியில் பெரணி.

ஆகவே 'வயது என்ன' என்ற உங்கள் கேள்வி இரண்டாக உடைகிறது. புதைபடிவமாக இருந்தால் அதற்கும் அது கிடக்கும் அடுக்குக்கும் ஒரே வயது. டென்ட்ரைட் கல்லைவிட இளையது, விரிசலைவிடவும் இளையது. எது எதைப்போல் இருக்கிறது என்று கேட்பதை விட்டுவிட்டு, கல்லும் உருவமும் சேர்ந்து பிறந்தவையா, கல்லுக்குப் பின் உருவம் வந்ததா என்று கேளுங்கள். உங்கள் படத்திலேயே பதில் இருக்கிறது: மூன்றும் கல்லின் ஒரே விளிம்பிலிருந்து கிளம்பி ஒரே திசையில் வளர்ந்திருக்கின்றன, வரப்போரத்துப் புதர் மாதிரி. அந்த விளிம்பு வழியாகத்தான் நீர் புகுந்திருக்கிறது. நடுநரம்பும் இல்லை.

பக்கவாட்டுச் சோதனையை ஒருபக்கமாக மட்டும் நம்புங்கள். உருவம் அடுக்கை வெட்டினால் அது இலை இல்லை. இணையாக இருந்தால் இலைதான் என்று ஆகிவிடாது, நீர் அடுக்குகளின் இடையிலும் நுழையும். ஜெர்மனியின் சோல்ன்ஹோபன் சுண்ணாம்புக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1861இல் ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்ற ஆதிப் பறவையின் இறகு வெளிப்பட்டது அந்தக் கல்லில்தான். அழகான டென்ட்ரைட்டுகளுக்கும் பேர்போனது அதே கல்.

வார்னிஷ் பூசியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் ஐயா, அவசரம் என்ன? மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஒரு ஓரத்துக் கருப்பின்மேல் ஒரு துளி விட்டிருந்தால், மாங்கனீசு ஆக்சைடு பொங்கி நுரைத்திருக்கும். செடி கரியான படலம் அப்படிப் பொங்காது. மண் ஒட்டியிருந்தாலும் நுரை வரும் என்பதால் முதலில் கழுவ வேண்டும். நிஜமான இலைத்தடத்திலும் சிலசமயம் மாங்கனீசு ஏறியிருக்கும், அதனால் நுரை பொருளைச் சொல்லுமே தவிர வடிவத்துக்குச் சாட்சி ஆகாது. எப்படியானாலும் இப்போது உங்கள் கல்லில் துளி வார்னிஷ்மேல் வழிந்தோடிவிடும். எதையும் பூசாதீர்கள், கல்லைச் சுத்தியலால் பிளக்காதீர்கள், எங்கே எடுத்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். நான் என் கல்லுக்கு அதைச் செய்யவில்லை. எந்தப் பாறையிலிருந்து உடைந்தது என்று நண்பர் கேட்டபோது விழித்தேன்.

விலை கேட்டிருந்தீர்கள். விட்டுவிடுங்கள்.

சங்கை மறந்தே போனேன். நிறமும் பளபளப்பும் அப்படியே இருக்கின்றன, உள்ளே கல்லாக இறுகிய மண் எதுவும் இல்லை. இன்றைய சங்குதான். ஏதாவது துறவி நண்டு அதில் குடியேறியிருக்கும். அடுத்தமுறை அங்கே போகும்போது திருப்பிப் போட்டுவிடுங்கள்.

மகளிடம் கல்லைத் திரும்ப வாங்கிவிடாதீர்கள். ஒரு கைலென்ஸ் வாங்கிக் கொடுத்து, நடுநரம்பைத் தேடச் சொல்லுங்கள். கிடைக்கவில்லை என்று அவளே வந்து உங்களிடம் சொல்லட்டும்.