மீனின் தலையில் என்ன எழுதினீர்கள்?

கேள்வி: எங்கள் பட்டறையில் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறோம். இரண்டு மாதங்களாக உற்பத்தி ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிட்டது. காரணம் கண்டுபிடிக்க எல்லோரும் உட்கார்ந்து ஒரு மீன்முள் வரைபடம் வரைந்தோம். தலையில் ‘உற்பத்திக் குறைவு’ என்று எழுதி, ஆறு முட்களில் 31 காரணங்களைச் சேர்த்தோம். அதன் பிறகு எப்படி நகர்வதென்று தெரியவில்லை. ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியதே முக்கியக் காரணம் என்கிறார்கள். வாக்கெடுப்பு வைத்தால் ‘பயிற்சி போதவில்லை’ என்பதே ஜெயிக்கிறது. அதையே பிடித்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். வாக்கெடுப்பில் ஜெயிப்பது பெரும்பாலும் யாரையும் நேரடியாகக் காயப்படுத்தாத காரணமாகவே இருக்கும். மேலும், ‘பயிற்சி போதவில்லை’ என்பது காரணத்தின் வேடத்தில் வந்திருக்கும் ஒரு தீர்வு. ‘புது இயந்திரம் இல்லை’, ‘ஆள் பற்றாக்குறை’ போன்றவையும் அந்த வகையைச் சேர்ந்தவைதான். முள்ளில் எழுதப்படுவது நடந்துகொண்டிருக்கும் ஒரு நிலையாக, போய்ப் பார்த்தோ அளந்தோ உண்டு இல்லை என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். உங்கள் 31 காரணங்களையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை படித்தாலே பத்துப் பன்னிரண்டு உதிர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

ஆனால் சிக்கல் முட்களில் தொடங்கவில்லை, தலையிலேயே தொடங்கிவிட்டது. ‘உற்பத்திக் குறைவு’ என்ற தலைக்கு எந்த முள்ளும் பொருந்தும். அதனால்தான் 31 சேர்ந்தன. குறைவு மூன்று வழிகளில் வரலாம். இயந்திரம் ஓடும் நேரம் குறைந்திருக்கலாம். ஓடும்போது ஒரு ஜாப் முடிய ஆகும் நேரம் கூடியிருக்கலாம். அல்லது செய்த ஜாப்களில் தரமில்லையென்று தள்ளுபடியாகிறவை அதிகரித்திருக்கலாம். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் முள் வரைவது, நோயாளியின் எந்த உறுப்பில் வலி என்று கேட்காமல் மருந்துப் பட்டியல் எழுதுவதைப் போன்றது. ஒரு வாரம் ஒவ்வொரு இயந்திரத்தின் அருகிலும் ஒரு தாளைத் தொங்கவிட்டு, அன்று செய்த எண்ணிக்கை, தள்ளிய எண்ணிக்கை, நின்ற நிமிடங்கள், நின்றதற்கான காரணம் என்ற நான்கை மட்டும் குறித்து வரச் சொல்லுங்கள். அதற்கு மேல் கேட்டால் யாரும் நேர்மையாக நிரப்ப மாட்டார்கள்.

நான் மேற்பார்வையாளராக இருந்த ஒரு சிறு கடைசல் பட்டறையில் நடந்ததைச் சொன்னால் மீதி எளிதாக விளங்கும். அங்கே நான்கு லேத்துகளில் ஒரே வகை எஃகு புஷ் கடைந்துகொண்டிருந்தோம். இடைவேளை போக ஷிஃப்டுக்கு 420 நிமிட வேலை. ஒரு ஜாப்புக்கு 4 நிமிடம் என்பதால், சிறு நிறுத்தங்களும் தள்ளுபடியும் போக ஒவ்வொரு லேத்திலிருந்தும் தினமும் நல்ல ஜாப்களாக 100 வந்துகொண்டிருந்தன. ஏழு வாரங்களில் மொத்தம் 400 என்பது 310 ஆயிற்று. நாங்களும் உங்களைப் போலவே தலையில் மொட்டையாக எழுதிவிட்டு, ஒரு மாலை முழுவதும் வாதாடினோம். ஆப்பரேட்டர்கள் மெத்தனமாகிவிட்டார்கள் என்பது முதலாளியின் கட்சி. புதிதாக வந்த கம்பி கடினமாக இருக்கிறது என்பது ஆப்பரேட்டர்களின் கட்சி. வெளிப்படையாகச் சொல்லவில்லையே தவிர, அன்று நான் முதலாளியின் பக்கம்தான் இருந்தேன்.

தாள் தொங்கவிட்ட வாரத்தில் படம் மாறியது. குறைந்தவை மூன்று லேத்துகள் மட்டுமே. நான்காவது பழையபடி 100 தந்துகொண்டிருந்தது. மற்ற மூன்றிலும் தலா 75 ஜாப் செய்து 5 தள்ளுபடியாகி, 70 தேறின. ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்ததில் நான்கு லேத்துகளிலும் ஒரு ஜாப்புக்கு அதே 4 நிமிடம்தான் ஆனது. ஆகவே கை மெதுவாகிவிட்டது என்ற கட்சி அன்றே விழுந்தது. 75 ஜாப்புக்கு 300 நிமிடம் என்றால் மீதி 120 நிமிடம் அந்த லேத்துகள் சும்மா நின்றிருக்கின்றன. நான்காவது லேத் நின்றதோ 12 நிமிடம்தான். இப்போது மீனின் தலையை மாற்றி எழுத முடிந்தது: ‘1, 2, 3-ஆம் லேத்துகள் ஷிஃப்டுக்கு 120 நிமிடம் நிற்கின்றன, 4-ஆம் லேத் 12 நிமிடம்தான் நிற்கிறது.’ தள்ளுபடி சற்றுக் கூடியதை அப்போதைக்கு ஒதுக்கி வைத்தோம். ஒரு வரைபடத்துக்கு ஒரு தலைதான்.

இந்த வரைபடத்தைப் பரப்பிய ஜப்பானியப் பேராசிரியர் இஷிகாவா, 1943-இல் கவாசாகி எஃகு ஆலைப் பொறியாளர்களுக்குப் பல காரணிகள் எப்படி ஒன்றோடொன்று தொடர்புற்றிருக்கின்றன என்பதை விளக்கவே இதை முதலில் வரைந்தார் என்பார்கள். அதாவது, இது சிந்தனையை ஒழுங்குபடுத்தும் படம்; தீர்ப்பு சொல்லும் கருவி அல்ல. மனிதர், இயந்திரம், மூலப்பொருள், செய்முறை, அளவிடல், சூழல் என்ற வழக்கமான ஆறு முட்களும் எதையும் மறந்துவிடாமல் இருப்பதற்கான நினைவூட்டல்கள் மட்டுமே. ஒரு முள் காலியாக இருந்தால் காலியாகவே விட்டுவிடுங்கள்.

தாளில் குறித்திருந்த நிறுத்தக் காரணங்களைக் கூட்டிப் பார்த்தோம். 120 நிமிடத்தில் 72 நிமிடம் லேத்தின் வெட்டும் முனையான டிப்பை மாற்றுவதிலேயே போயிருந்தது. நான்காவது லேத்தில் ஷிஃப்டுக்கு ஒருமுறை மாற்றிய கார்பைடு டிப்பை மற்ற மூன்றிலும் ஆறுமுறை மாற்றியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டி, அளவை மறுபடி நிலைப்படுத்த 12 நிமிடம் பிடித்தது. இன்னொரு 36 நிமிடம் மைக்ரோமீட்டருக்காகக் காத்திருந்தது. டிப் மாற்றியதும் முதல் ஜாப்பை அளந்தாக வேண்டும். பட்டறையில் நல்ல மைக்ரோமீட்டர் ஒன்றுதான். மிச்சம் 12 நிமிடம் சில்லறை நிறுத்தங்கள்.

இந்த இடத்தில் மீன்முள்ளின் ஒரு பலவீனம் தெரிகிறது. வரைபடத்தில் மைக்ரோமீட்டர் ‘அளவிடல்’ முள்ளில் தனியாகவும், டிப் தேய்வது ‘இயந்திரம்’ முள்ளில் தனியாகவும் உட்கார்ந்திருந்தன. உண்மையில் முன்னது பின்னதன் விளைவு. டிப் ஒருமுறை மட்டும் மாறினால் மைக்ரோமீட்டருக்கு வரிசையே இருக்காது. முட்களுக்கு இடையே ஓடும் இத்தகைய உறவுகளை வரைபடம் தானாகக் காட்டாது. ஒரு முள்ளில் உள்ளது இன்னொரு முள்ளில் உள்ளதால் வந்ததா என்று நாம்தான் கேட்டு, அம்புக்குறி போட்டு இணைக்க வேண்டும். அப்படிக் கேட்காமல் இருந்திருந்தால் இரண்டாவது மைக்ரோமீட்டர் வாங்கியிருப்போம். காத்திருப்பு குறைந்திருக்கும், தேய்மானம் அப்படியே இருந்திருக்கும்.

டிப் ஏன் சீக்கிரம் தேய்கிறது? கம்பி கடினம் என்ற கட்சிக்கு இப்போது பலம் கூடியது. ஆனால் ஒரு காரணம் உண்மையானால் அது எங்கே குறைந்தது என்பதை மட்டுமல்லாமல், எங்கே குறையவில்லை என்பதையும் விளக்க வேண்டும். நான்காவது லேத்திலும் அதே கம்பிதான் ஓடியது. இன்னொரு சாட்சியும் இருந்தது. புதிய கம்பி ஒரு குறிப்பிட்ட நாளில் வந்து இறங்கியது. அதுதான் காரணமென்றால் எண்ணிக்கை அன்றே படியிறங்கியதுபோல் விழுந்திருக்க வேண்டும். பழைய பதிவேட்டில் அந்த மூன்று லேத்துகளின் எண்ணிக்கை வாரத்துக்குத் தலா நான்கைந்தாக, ஏழு வாரங்கள் சரிந்துகொண்டே வந்திருந்தது. சட்டென்று விழுந்தால் அந்த நாளில் என்ன மாறியது என்று தேட வேண்டும். மெல்லச் சரிந்தால் எது நீர்க்கிறது, தேய்கிறது, அடைகிறது என்று தேட வேண்டும். உங்கள் இரண்டு மாத எண்ணிக்கையையும் நாள்வாரியாக ஒரு கோடாக வரைந்து பாருங்கள். 31 காரணங்களில் பாதி அந்தக் கோட்டின் வடிவத்துக்கே பொருந்தாமல் போகக்கூடும்.

எங்கள் பட்டறையில் நீர்த்துப்போயிருந்தது, கடையும்போது சூட்டைத் தணிக்கத் தண்ணீரில் எண்ணெய் கலந்து ஊற்றும் கூலன்ட். கலவையின் செறிவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தபோது, 7 சதவீதம் இருக்க வேண்டிய செறிவு மூன்று லேத்துகளின் தொட்டிகளிலும் 3-ஐ ஒட்டி இருந்தது, நான்காவதில் 7. ஆவியாகும்போது தண்ணீர் மட்டும்தான் போகிறது. ஆனால் சீவல்களோடும் ஜாப்களோடும் எண்ணெய் கலந்த கூலன்ட்டே வெளியேறிவிடுகிறது. மட்டம் குறையும்போதெல்லாம் வெறும் தண்ணீரை ஊற்றி நிரப்பினால் செறிவு வாரத்துக்கு வாரம் இறங்கும். வழவழப்பு குறைந்து, டிப்பின் முனை சூடேறித் தேயும். முன்பு கலவை போட்டுக்கொண்டிருந்தவரை வேறு வேலைக்கு மாற்றியிருந்தோம். அவர் செய்துவந்தது எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. நான்காவது லேத்தின் ஆப்பரேட்டர் மட்டும் தன் தொட்டிக்குத் தானே கலந்து ஊற்றும் பழக்கமுள்ளவர். அந்த மாற்றல் உத்தரவில் கையெழுத்திட்டவன் நான். அதற்கு வரைபடத்தில் ஒரு முள்கூட இல்லாமல் இருந்தது தற்செயல் அல்ல. வரைகிற கூட்டத்தில் மேற்பார்வையாளர் சாக்பீஸ் பிடித்தால் அவர் எடுத்த முடிவுகள் பலகைக்கு வருவதில்லை; உங்கள் கூட்டத்தில் அதை வேறு யாரிடமாவது கொடுங்கள்.

‘ஏன்’ என்று எதுவரை கேட்பது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். கலவை போடும் பொறுப்பு யாருக்கும் இல்லை என்பதோடு நாங்கள் நிறுத்திக்கொண்டோம். நம் கையால் மாற்றக்கூடியதும், மாற்றியதன் பலனை அளந்து பார்க்கக்கூடியதுமான நிலை வந்துவிட்டால் அங்கேயே நிற்கலாம். ‘கவனக்குறைவு’ என்பதில் நிறுத்தினால் அடுத்து செய்வதற்கு எதுவும் இருக்காது.

அப்போதும் அது சந்தேகத்துக்குரிய காரணம்தான், நிரூபணமான காரணம் அல்ல. எனவே மூன்றையும் ஒரே நாளில் சரிசெய்யாமல், 2-ஆம் லேத்தின் கூலன்ட்டை மட்டும் 7 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, மற்ற இரண்டையும் மூன்று நாட்கள் அப்படியே ஓடவிட்டோம். முதலாளிக்கு இந்தப் பொறுமை பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றியிருந்தால் எதனால் சரியானது என்று கடைசிவரை தெரிந்திருக்காது என்று சொல்லித்தான் அவரைச் சமாளித்தேன். மூன்றாம் நாள் 2-ஆம் லேத்தில் டிப் மாற்றியது இரண்டே முறை. 97 ஜாப் செய்து 95 தேறின. ஒதுக்கி வைத்திருந்த தள்ளுபடியும் தானாகவே குறைந்திருந்தது. தொடாத இரண்டு லேத்துகளும் 70-ஐ ஒட்டியே நின்றன.

உங்கள் பலகையை இப்போதைக்கு அழிக்க வேண்டாம். ஒரு வாரத் தாள்கள் வந்ததும் தலையை மாற்றி எழுதுங்கள். மிஞ்சும் ஒவ்வொரு காரணத்தின் அருகிலும் ‘பார்த்தோம்’, ‘அளந்தோம்’, ‘நினைக்கிறோம்’ என்ற மூன்றில் ஒன்றைக் குறியுங்கள். ‘நினைக்கிறோம்’ என்று குறித்தவற்றில், ஒரே நாளில் செலவில்லாமல் சோதித்துப் பார்க்கக்கூடியதை முதலில் எடுங்கள். முக்கியம் என்று தோன்றுவதற்கு அடுத்த இடம்தான். எல்லா இயந்திரங்களிலும் ஒரே அளவு குறைந்திருப்பதாகத் தாள்கள் காட்டினால், எங்கள் நான்காவது லேத்தைப் போன்ற ஒப்பீடு உங்களுக்குக் கிடைக்காது. அப்போது இயந்திரத்துக்குப் பதிலாக ஷிஃப்டு, ஜாப் வகை, வேலை தொடங்கிய முதல் மணி, கடைசி மணி என்று வேறு வகையில் பிரித்துப் பார்த்து, குறையாத ஓர் இடத்தைத் தேடுங்கள்.