ஆஃபர் லெட்டர் மெயிலில் வந்திருக்கிறது. 'அக்செப்டட்' என்று பதில் போட்டால் போதுமா? சேரும் தேதி, சம்பளம், முதல் நாள் கொண்டுபோக வேண்டியதையெல்லாம் கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

போதாது. கேட்டால் யாரும் தப்பாக நினைக்கவும் மாட்டார்கள். உங்களுக்கு முதல் வேலையோ இரண்டாவது வேலையோ என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

கோவையில் கணக்குப் பிரிவில் இருந்துவிட்டுச் சென்னையில் ஒரு கம்பெனிக்கு மாறினேன். போனில் எச்.ஆர். சொன்னது "ஆறு லட்சம்". மாதம் ஐம்பதாயிரம் என்றுதான் வீட்டில் எல்லோரும் கணக்குப் போட்டார்கள். லெட்டரின் கடைசிப் பக்கத்தில் இருந்த சம்பளப் பட்டியல் வேறு கதை சொன்னது. ஆறு லட்சம் என்பது சி.டி.சி., அதாவது ஒரு வருடத்துக்குக் கம்பெனி எனக்காகச் செய்யும் மொத்தச் செலவு. அதில் 60,000 வேரியபிள். பேசிக் மாதம் 25,000 என்பதால் கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், வருடத்துக்கு 36,000. கிராஜுவிட்டி என்று பேசிக்கில் 4.81 சதவீதம், 14,430 ரூபாய். இதையெல்லாம் கழித்தால் மாதம் சுமார் 40,800. அதிலிருந்து என் பங்கு பி.எஃப். 3,000 போனால் கைக்கு வருவது 37,800 அளவில். தொழில் வரி தனி.

பி.எஃப். நம் பணம்தான், மறுக்கவில்லை. ஆனால் கிராஜுவிட்டி பொதுவாக ஐந்து வருடம் இருந்தால்தான் கைக்கு வரும், வேரியபிள் வரலாம், வராமலும் போகலாம். வாடகை முன்பணம் கொடுக்கிறவனுக்கு மாதாமாதம் வங்கியில் விழும் தொகைதான் கணக்கு.

போன் செய்து கேட்டேன். "வேரியபிள் எல்லாருக்கும் வந்துரும் சார்" என்றார் அந்த அம்மா. "அப்போ அதையே மெயில்ல போட்டுருங்க மேடம்" என்றேன். மெயிலில் வந்த பதில், கம்பெனி லாபத்தையும் மேலாளர் மதிப்பீட்டையும் பொறுத்தது என்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மரியாதையாகப் பேசினேன். வேரியபிளில் பாதியை மாதச் சம்பளத்தில் சேர்த்துத் திருத்திய லெட்டர் வந்தது. அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். எல்லாக் கம்பெனியும் இப்படி இறங்கிவராது, தெரியும். இறங்காவிட்டாலும் எதற்குச் சம்மதிக்கிறோம் என்பது எழுத்தில் இருக்கும். எச்.ஆரில் இருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், உங்கள் வேலையைக் குறை சொல்லவில்லை.

சம்மத மெயிலை, லெட்டர் வந்த அதே மெயிலுக்குப் பதிலாக அனுப்புங்கள். பதவி, லெட்டரின் தேதி, சி.டி.சி., அதில் ஃபிக்ஸட் எவ்வளவு, சேரும் தேதி, எந்த அலுவலகம், எத்தனை மணிக்கு, யாரைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே எழுதி, சரிதானா என்று கேளுங்கள். கையெழுத்திட்ட பிரதியையும் இணையுங்கள்.

சேரும் தேதியில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய இடத்தில் கடைசி நாள் எது என்று எழுத்தில் வாங்காமல் புதிய இடத்துக்குத் தேதி கொடுக்காதீர்கள். இரண்டு வேலையும் ஒரே தேதிகளில் ஓடினால் பி.எஃப். பதிவில் அப்படியே தெரியும், பின்னாளில் சரிபார்ப்பில் கேள்வி வரும். ரிலீவிங் லெட்டர் பல இடங்களில் கணக்கு முடித்த பிறகுதான், ஒரு மாதம் கழித்துக்கூட வரும். அதனால் முதல் நாளுக்கு ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட மெயில் போதுமா, ரிலீவிங் லெட்டரை எதற்குள் தர வேண்டும் என்று இந்த மெயிலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆவணங்களில் பான், ஆதார், படிப்புச் சான்றிதழ்கள், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ரத்து செய்த காசோலை, பாஸ்போர்ட் அளவு போட்டோ, பி.எஃப். கணக்குக்கான யூஏஎன் எண் ஆகியவற்றைப் பெரும்பாலும் எல்லா இடத்திலும் கேட்பார்கள். பழைய யூஏஎன்னையே கொடுங்கள், புதிதாக ஒன்று உருவாக்க விடாதீர்கள். ஆதாரில் உள்ள பெயரும் பானில் உள்ள பெயரும் இனிஷியல் வரை ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். நம் ஊரில் இனிஷியலால் வரும் தொல்லை தனி.

ஒரிஜினலைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக் கூடாது. இதில் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. நான் படித்த கல்லூரி, சேர்க்கையின்போது வாங்கிய பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைப் படிப்பு முடியும்வரை திருப்பித் தரவில்லை. அப்பா அதற்காக எத்தனை தடவை அலைந்தார். ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2018இல் யுஜிசியே அறிவித்தது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை.

"சரிபார்க்க இரண்டு நாள் இருக்கட்டும்" என்று புதிய கம்பெனி கேட்டால், எந்தெந்தச் சான்றிதழ், எந்தத் தேதியில் பெற்றார்கள், எப்போது தருவார்கள் என்று கையெழுத்துடன் ஒரு ரசீது கேளுங்கள். என்னிடம் கேட்டபோது நான் அப்படித்தான் சொன்னேன். அங்கேயே ஸ்கேன் எடுத்துக்கொண்டு ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.