குத்தாமல் பணம் கேட்பது எப்படி?

கேள்வி: அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் சின்ன யூனிட் நடத்துகிறேன். ஒரு கம்பெனி இரண்டு மாதமாகப் பணம் தரவில்லை. அவர்கள் அக்கவுன்ட்ஸ் மேனேஜருக்கு அனுப்ப இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: "மதிப்பிற்குரிய ஐயா, ஏற்கெனவே பலமுறை தெரிவித்தபடி எங்கள் பில் நிலுவையில் உள்ளது. தங்கள் வேலைப்பளுவில் எங்களைப் போன்ற சிறியவர்கள் கண்ணில் படாதது இயல்புதான். இந்த மாதமாவது நேரம் கிடைத்தால் பார்க்கவும்." குத்திக்காட்டுவது போல இருக்கிறது என்கிறாள் மனைவி. ஆர்டரும் போகக் கூடாது, பணமும் வர வேண்டும். எப்படி மாற்றுவது?

பதில்: உங்கள் மனைவி சொல்வது சரி. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றியிருக்கிறீர்கள். ஆனால் அதைவிடப் பெரிய கோளாறு வேறு: இவ்வளவு எழுதியும் பில் எண், தொகை, தேதி எதுவும் இல்லை. கோபம் முழுக்க இருக்கிறது, கேட்க வேண்டியது இல்லை.

ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, இது நடந்ததைச் சொல்கிறதா, அவருடைய மனதைப் பற்றிச் சொல்கிறதா என்று பாருங்கள். "கண்ணில் படாதது இயல்புதான்" என்பது அவர் மனதைப் பற்றியது. அடித்துவிடுங்கள். "இந்த மாதமாவது" என்பதில் 'ஆவது' போய் "இந்த மாதம்" என்றாலே குத்தல் பாதி குறையும். தினமும் "சார்" என்று பேசுகிறவரைத் திடீரென "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள்" என்று ஏற்றினால் மரியாதையாகப் படாது, நக்கலாகத்தான் படும். "பலமுறை தெரிவித்தபடி" என்பதற்குப் பதில் கடைசியாக எப்போது, எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதுங்கள்.

நான் என்றால் இப்படி எழுதுவேன் (விவரங்களை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்):

"வணக்கம் சார். மே 6 அன்று அனுப்பிய 3,000 பெட்டிகளுக்கான பில் எண் 118, தொகை ரூ.84,000. பேசிய 30 நாள் கெடு ஜூன் 5 அன்று முடிந்தது. ஜூன் 24 அன்று போனில் பேசினோம். இன்று வரை பணம் எங்கள் கணக்கில் வரவில்லை. பில் பாஸ் ஆவதில் ஏதாவது தடை இருந்தால் சொல்லுங்கள், வேண்டிய பேப்பரை உடனே அனுப்புகிறேன். இல்லையென்றால் எந்தத் தேதியில் பணம் வரும் என்று ஜூலை 14க்குள் தெரிவியுங்கள். பேப்பர் மில்லுக்கு 18ஆம் தேதி பணம் கட்ட வேண்டியிருக்கிறது."

இதில் அவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அப்படியும் கேட்பது நழுவவில்லை.

மென்மையாக எழுதுகிறேன் என்று பலர் விழும் குழி ஒன்று உண்டு. "உங்கள் வசதிப்படி பார்த்துச் செய்யுங்கள்", "கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். நீங்களே கெடுவைத் தள்ளிக் கொடுத்ததாக நாளைக்கு அந்த மெயிலையே காட்டுவார்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் கெடு போக முடியாது. சிறு நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவு இருந்தால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கும் உண்டு. ஆனால் முதல் கடிதத்திலேயே சட்டப்பிரிவைப் போடாதீர்கள். போட்டால் உங்கள் ஃபைல் அக்கவுன்ட்ஸிலிருந்து அவர்கள் வக்கீல் மேஜைக்குப் போய்விடும்.

இதைத்தான் சில 'வசூல் ஆலோசகர்கள்' செய்கிறார்கள். சூடான கடிதம் ஒன்றை எழுதிக் கொடுத்து, வரும் பணத்தில் சதவீதம் கேட்பார்கள். உத்யம் பதிவுக்கும் தனியாகக் காசு வாங்குவார்கள். அந்தப் பதிவுக்குக் கட்டணமே கிடையாது, udyamregistration.gov.in தளத்தில் நீங்களே செய்யலாம். இவர்கள் பிழைப்பதற்குக் காரணம் நம் முறைதான். இந்தச் சட்டப்படி பணம் வராத புகாரை விசாரிக்கும் வசதியாக்கல் மன்றத்துக்கு வரும் புகாரை 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. நடப்பில் அப்படி முடிந்தால் யார் இடைத்தரகரிடம் போவார்கள்?

ஒரு விஷயத்தில் மட்டும் மேலே சொன்ன கடிதம் உதவாது. பெட்டி ஈரமாக வந்தது, அளவு சரியில்லை என்று அவர்கள் எழுத்தில் குறை சொல்லியிருந்தால், முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள். சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொன்னால், அந்தக் குறை தீர்ந்த நாளிலிருந்துதான் கெடு ஓடும். அதைக் கண்டுகொள்ளாமல் பணம் மட்டும் கேட்டால், எவ்வளவு பணிவாக எழுதினாலும் மழுப்புவதாகத்தான் தெரியும். அதற்காக "தவறுக்கு மன்னிக்கவும்" என்று அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். எத்தனை பெட்டி, எந்த லாட், படம் இருக்கிறதா என்று கேளுங்கள். 200 பெட்டிதான் கெட்டது என்றால், அதை மாற்றித் தருவதாகவும் மீதி 2,800க்கான ரூ.78,400ஐ இப்போது அனுப்பும்படியும் எழுதுங்கள். வாயால் மட்டும் குறை சொல்லியிருந்தால், "நீங்கள் போனில் சொன்ன குறை இதுதானா" என்று அதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எம்.டி.க்கு நகல் போடாதீர்கள். ஜூலை 14க்குள் பதில் இல்லையென்றால் இன்னொரு மெயில் வேண்டாம், போன் செய்யுங்கள். அவர் ஒரு தேதி சொன்னால், வைத்தவுடன் ஒரே வரி அனுப்புங்கள்: "22ஆம் தேதி அனுப்புவதாகச் சொன்னீர்கள், நன்றி சார்."