மாதக் கட்டணம் முடிந்ததும் பாடம் பூட்டப்பட வேண்டும்: டியூஷன் தளம் நடத்துவோரின் கேள்விகளும் பதில்களும்

ஹட்டன், கணித ஆசிரியர்: சேர், ஓ.எல். கணிதத்துக்கு வேர்ட்பிரஸ் தளத்தில் Paid Memberships Pro என்ற உறுப்புரிமை ப்ளகின் வைத்திருக்கிறேன். மூன்று படி: இலவசம், ரெக்கோர்டிங் மட்டும் 1000 ரூபா, நேரடி வகுப்பும் வினாத்தாள் திருத்தமும் சேர்த்து 2000 ரூபா. ஜூன் 3ஆம் தேதி முடிந்த பிள்ளை 5ஆம் தேதியும் பார்க்கிறான். ஏன்?

தேதி வந்தாலே பூட்டு விழுந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்தப் பிள்ளையின் கணக்கு "active" என்று பதிவாகியிருக்கும்வரை பாடம் திறந்தே இருக்கும். முடிவுத் தேதி தாண்டியவர்களைத் தேடிப்பிடித்து "expired" என்று மாற்றுவது பின்னணியில் ஓடும் தனி வேலை. அந்த வேலையை எழுப்பிவிடுவது WP-Cron. அதற்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது, தளத்துக்கு யாராவது வந்தால்தான் எழும்பும்.

இரண்டு நாள் தாமதம் என்றால் ஆள் வராதது காரணமாக இருக்காது, அந்தப் பையனே வந்திருக்கிறானே. முதலில் wp-config.php கோப்பைத் திறந்து இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்:

```
define('DISABLE_WP_CRON', true);
```

தளம் வேகமாக ஓடட்டும் என்று யாரோ இதைப் போட்டுவிட்டு, அதற்குப் பதிலாக சேர்வரில் கடிகாரம் வைக்காமல் போயிருக்கலாம். நான் பார்த்த தளங்களில் பெரும்பாலும் இதுதான் காரணம். வரியை எடுக்க வேண்டாம், இருக்கட்டும். ஹோஸ்டிங் பக்கத்தில் "Cron Jobs" என்ற இடத்தில் இதைச் சேருங்கள்:

```
*/15 * * * * curl -s "https://example.com/wp-cron.php?doing_wp_cron" >/dev/null 2>&1
```

example.com இருக்கும் இடத்தில் உங்கள் தளத்தின் பெயர் வர வேண்டும். கால் மணிக்கு ஒரு தடவை WP-Cron எழும்பும். அந்த வரியே இல்லை என்றால் Tools பகுதியில் Site Health பாருங்கள். தளம் தன்னைத் தானே அழைக்க முடியவில்லை என்று அங்கே குறை காட்டினால், பாதுகாப்பு ப்ளகின் ஏதாவது தடுத்துக்கொண்டிருக்கலாம்.

சோதிக்கும்போது ஒன்று. நிர்வாகி கணக்கில் நுழைந்து பூட்டைப் பார்க்காதீர்கள், நிர்வாகிக்குப் பூட்டிய பாடமும் திறந்து தெரியலாம். கட்டணம் முடிந்த ஒரு சோதனைக் கணக்கை எப்போதும் வைத்திருங்கள்.

தலவாக்கலை, விஞ்ஞான டீச்சர்: அது சரிங்க, ஆனா எங்க பிள்ளைகளுக்கு 3ஆம் தேதி பூட்டினா எப்படி? அப்பா அம்மா தோட்டத்துல வேலை. சம்பளம் 10ஆம் தேதிதான் கைக்கு வருது. நான் பத்து நாள் விட்டுப்பிடிக்கிறேன். கணக்கு எப்பவும் குழம்புது.

டீச்சர், விட்டுப்பிடிப்பது சரி. குழப்பம் வருவது புதுப்பிக்கும் தேதியை எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதில்தான்.

மே 3ஆம் தேதி ஒரு பிள்ளை சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 3 முடிவு. நீங்கள் பூட்டவில்லை. ஜூன் 11ஆம் தேதி அப்பா வங்கியில் பணம் போட்டு, ஸ்லிப்பை வட்ஸ்அப்பில் அனுப்புகிறார். நீங்கள் அன்றிலிருந்து ஒரு மாதம் கொடுத்தால் முடிவு ஜூலை 11. இரண்டு மாதக் கட்டணத்துக்கு 69 நாள் போய்விட்டது. அடுத்த மாதமும் எட்டு நாள் பிந்தினால் இன்னும் எட்டு நாள் போகும். நேரத்துக்குக் கட்டுகிற குடும்பம் இதைக் கவனித்துவிட்டால் அவர்களும் பிந்தத் தொடங்குவார்கள். ஆகவே சலுகை நாளுக்குள் பணம் வந்தால் பழைய முடிவுத் தேதியிலிருந்தே எண்ணுங்கள்: ஜூன் 3 முதல் ஜூலை 3. சலுகை நாளும் தாண்டி, பூட்டு விழுந்த பிறகு வந்தால் மட்டும் பணம் வந்த நாளிலிருந்து எண்ணுங்கள், ஏனென்றால் நடுவில் அந்தப் பிள்ளை எதையும் பார்க்கவில்லை.

இதிலும் ஒரு குறை இருக்கிறது. 3ஆம் தேதி முடிவு உள்ள குடும்பம் ஒவ்வொரு மாதமும் பிந்தும், ஒவ்வொரு மாதமும் "கட்டணம் முடிந்தது" என்ற மெயில் போகும். அந்த மெயில் ஒரு வீட்டுக்குத் தலைகுனிவு. எனவே எல்லாருக்கும் முடிவுத் தேதியை 15 ஆக வையுங்கள். சம்பளம் கைக்கு வந்து ஐந்து நாள் கழித்து. Set Expiration Dates என்ற துணை ப்ளகின் இதற்கென்றே இருக்கிறது. நடு மாதத்தில் சேரும் பிள்ளைக்கு முதல் கட்டணத்தை மட்டும் நாள் கணக்கில் குறைத்து வாங்குங்கள்.

பதுளை, தளம் செய்து கொடுப்பவர்: கார்டில் தானாகக் கழியும்படி வைத்தால் இந்தப் பிரச்சினை ஒன்றுமே வராது. ஏன் இன்னும் ஸ்லிப்?

மறதியால் பிந்துவது நிற்கும், அதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் 3ஆம் தேதி டெபிட் கார்டில் பணம் இல்லையென்றால் கழிவு தோற்கும். தோற்ற உடனே பூட்டு விழாது: பல அமைப்புகளில் கட்டண நிறுவனம் தவணையையே நிறுத்தினால்தான் உறுப்புரிமை முடியும். அதுவரை மெயில் மட்டும் போகும். கார்ட் இல்லாத வீடுகளும் நிறைய. ஸ்லிப் வழியை மூடிவிட்டால் அந்தப் பிள்ளைகளைத்தான் முதலில் இழப்பீர்கள்.

நானுஓயா: கார்ட் கட்டணத்துக்கு Stripe போடலாமா?

இலங்கை வியாபாரிகளுக்கு Stripe இல்லை. PayHere பாருங்கள்.

வெலிமடை, புலமைப்பரிசில் வகுப்பு: பாடப் பக்கம் பூட்டுது. ஆனா போன வருஷப் பிள்ளைகள் கையில PDF லிங்க் இருக்கு, இன்னும் திறக்குதாம்.

பக்கத்தைத்தான் பூட்டினீர்கள், கோப்பை அல்ல. wp-content/uploads உள்ளே கிடக்கும் PDF-ஐ சேர்வர் நேராக எடுத்துக் கொடுத்துவிடும், உறுப்பினரா என்று கேட்கும் ப்ளகினிடம் அந்தக் கோரிக்கை போவதே இல்லை. முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைத்தது போல. உறுப்பினரைச் சரிபார்த்த பிறகே கோப்பைக் கொடுக்கும் வசதிக்கு மாற்றுங்கள், பழைய கோப்புகளை uploads-இலிருந்து நீக்குங்கள். பிறகு லொகின் ஆகாத ஜன்னலில் பழைய லிங்கை ஒட்டிப் பாருங்கள்.

பண்டாரவளை, ஏ.எல். இரசாயனவியல்: வீடியோவை யூடியூப்பில் "unlisted" போட்டிருக்கிறேன். போதும்தானே?

போதாது. லிங்க் தெரிந்த எவரும் எத்தனை வருடம் கழித்தும் பார்க்கலாம். காலம் முடிந்தால் செத்துப்போகும் லிங்க் வேண்டும். Bunny Stream என்ற வீடியோ சேவையில் Token Authentication என்று இருக்கிறது. பக்கம் திறக்கும்போது உங்கள் தளம், Bunny தரும் இரகசியச் சாவியையும் வீடியோவின் ID-ஐயும் வைத்து இப்படி ஒரு கையொப்பம் செய்யும்:

```
$expires = time() + 6*3600;
$token = hash('sha256', $key . $videoId . $expires);
```

இந்த இரண்டையும் வீடியோ முகவரியின் பின்னால் சேர்த்தால், ஆறு மணித்தியாலம் கழித்து அதே முகவரியைப் பகிர்ந்தாலும் திறக்காது. அரை மணி என்று குறுக்காதீர்கள். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போய்ப் பக்கத்தைத் திறந்துவிட்டு, பிறகு பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். திரையைப் பதிவு செய்வதை இது தடுக்காது.

மஸ்கெலியா, ஒரு தாய்: என் மகள் ஏப்ரல், மே இரண்டு மாசமும் காசு கட்டினா. ஜூன் கட்ட முடியல. இப்ப ஏப்ரல் பாடமும் பூட்டியிருக்கு. அதுக்குக் காசு கொடுத்தோம்தானே? உங்களால திறந்து கொடுக்க முடியுமா?

அக்கா, என்னால் திறக்க முடியாது, அது அந்த ஆசிரியரின் தளம். அவரிடம் இதே வார்த்தையில் கேளுங்கள். உங்கள் கேள்வி நியாயமானது. இங்கே இருக்கும் ஆசிரியர்கள் அதற்குப் பதில் சொல்லட்டும்.

ஹட்டன், கணித ஆசிரியர்: மன்னிக்கணும், எனக்கு உடன்பாடில்லை. உறுப்புரிமை என்றால் கட்டும்வரை எல்லாம் திறந்திருக்கும், நிறுத்தினால் எல்லாம் மூடும். இல்லாவிட்டால் பரீட்சைக்கு முந்தின மாதம் மட்டும் 1000 ரூபா கட்டிவிட்டு முழு வருடத்தையும் பார்ப்பார்கள்.

சேர், அந்தப் பயம் உங்கள் முறையிலிருந்துதான் வருகிறது. கட்டினால் எல்லாம் திறக்கும் என்று வைத்தது நீங்கள், அதனால்தான் ஒரு மாதக் காசில் ஒரு வருடம் கிடைக்கிறது. டியூஷனில் நாம் காலங்காலமாக மாதத்தைத்தான் விற்கிறோம். ஏப்ரல் காசு, ஏப்ரல் பாடம். தளத்திலும் அப்படியே செய்யலாம். ஏப்ரல் ஒரு படி, மே ஒரு படி. Paid Memberships Pro 3ஆம் பதிப்பிலிருந்து படிகளைத் தனித்தனிக் குழுக்களில் வைத்தால் ஒரு பிள்ளை பல படிகளை ஒரே நேரத்தில் வைத்திருக்க முடியும். ஏப்ரல் படியின் முடிவு அந்தப் பரீட்சை முடியும் நாள். ஜூன் கட்டாத பிள்ளைக்கு ஜூன் பாடமும் நேரடி வகுப்பும் இல்லை, ஏப்ரலும் மேயும் அப்படியே இருக்கும். கடைசி மாதம் மட்டும் கட்டியவருக்கு அந்த மாதம் மட்டும்.

தலவாக்கலை, விஞ்ஞான டீச்சர்: ஒரு தரத்துக்கு வருஷம் பன்னிரண்டு படி. நான் மூணு தரம் எடுக்கிறேன். முப்பத்தாறு படிய யாரு பார்ப்பா?

வேலை கூடத்தான். வருடத் தொடக்கத்தில் ஒரு தரத்துக்கு முழுவதையும் போட்டுவிட்டு மற்றதுக்கு நகலெடுங்கள். தவணைக்கு ஒரு படி என்றால் தரத்துக்கு மூன்று, ஆக ஒன்பதில் முடியும். ஆனால் ஒரு தவணைக் காசை மொத்தமாகக் கேட்க முடியுமா என்பது உங்கள் பெற்றோருக்குத்தான் தெரியும்.

ஹட்டன், கணித ஆசிரியர்: ஜூலையில் சேருகிற பிள்ளைக்குப் பழைய பாடம் இல்லாமல் ஜூலைப் பாடம் விளங்குமா? கணிதம் அப்படி இல்லை சேர்.

இது பலமான கேள்வி. பழைய மாதங்களைப் பாதி விலைக்கு விற்பவர்கள் உண்டு, அடிப்படைப் பாடங்களை மட்டும் இலவசப் படிக்கு மாற்றியவர்களும் உண்டு. கணிதத்துக்கு எது சரி என்று என்னால் இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கட்டிய மாதத்தை மூடக் கூடாது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கொட்டகலை: என் தளத்திலும் PDF பழைய லிங்கில் திறக்குது, என்ன செய்ய?

வெலிமடைக்குச் சொன்னதுதான்.

ராகலை: பூட்டு சரியாத்தான் இருக்குனு நினைக்கிறேன், என் கணக்குல பார்த்தேன். ஆனா PDF...

உங்கள் கணக்கு நிர்வாகி கணக்கு. சோதனைக் கணக்கு ஒன்று உருவாக்கி, அதன் முடிவுத் தேதியை நேற்றைய தேதியாகப் போட்டு, சில மணித்தியாலம் கழித்துப் போனில் திறந்து பாருங்கள். PDF பற்றி மேலே இருக்கிறது.

ஹப்புத்தளை: ஒரே பாஸ்வேர்டில் நாலு பேர் பார்க்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒருவர் என்று கட்டுப்படுத்தலாமா?

அதற்கு ப்ளகின் உண்டு. ஆனால் போடுமுன் அந்த நாலு பேர் யார் என்று பாருங்கள். ஒரே லயத்தில் அக்காவும் தம்பியும் அப்பாவின் போனிலும் பக்கத்து வீட்டுப் போனிலும் மாறி மாறிப் பார்ப்பதும் உங்களுக்கு நாலு சாதனமாகத்தான் தெரியும். இரண்டு சாதனம் என்று தொடங்குங்கள். வெளியே தள்ளப்பட்டவர்கள் யாராவது அழைத்துக் கேட்டால், அவர்கள் வீட்டு நிலையைக் கேட்டு அந்தக் கணக்குக்கு மட்டும் மூன்றாக்குங்கள்.